நோன்பும் விரதமும் இருக்கிற நாட்களில் கருத்தடை மாத்திரை, குழந்தைப்பேற்றுக்கான மருந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் மருந்துக் கடை கவுன்டரில் நின்று இருபது வருடம் ஆகப் போகிறது. ரம்ஜான் பிறை தெரிகிற நேரத்திலும், ஐப்பசியில் கந்த சஷ்டிக்கு முந்தின நாளிலும் ஒரே மாதிரிக் கேள்விகள் வரும். கேட்கிற பெண்கள் மற்றவர்கள் போகும்வரை ஓரமாக நின்று, பர்ஸிலிருந்து மாத்திரை அட்டையைப் பாதி மட்டும் வெளியே இழுத்துக் காட்டுவார்கள். அப்படி வந்த கேள்விகளும், அவர்களுக்கு நான் சொல்கிற பதில்களும் இவை. கருத்தடை மாத்திரையின் நேரத்தை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். குழந்தை உண்டாவதற்காக எடுக்கிற மருந்து அப்படி இல்லை. அதில் எதை மாற்றுவதானாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான்.

தினமும் மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் மாலா-என் போடுவேன். நோன்பு வந்தால் எந்த நேரத்துக்கு மாற்றுவது?

இரவுக்கு மாற்றுங்கள். நோன்பு திறந்து, தொழுகை முடித்து, வயிற்றில் கொஞ்சம் சோறு விழுந்த பிறகு ஒன்பது மணி வாக்கில் போடுவது சுலபம். எப்படி மாற்றுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

கடைசியாக ஒரு மணிக்குப் போட்டீர்கள், மறுநாள் முதல் நோன்பு என்று வையுங்கள். மறுநாள் இரவு ஒன்பதுக்கு அடுத்ததைப் போட்டால் இடைவெளி 32 மணி நேரம். மாலா-என் இரண்டு ஹார்மோன் கலந்த மாத்திரை. 48 மணி நேரம் தாண்டாத வரை அதன் காப்பு போய்விடாது. அட்டையின் நடுவில் இருக்கிறவர்கள் இப்படிச் செய்தால் பயமில்லை. ஆனால் நான் சொல்கிற வழி வேறு. நோன்புக்கு முந்தின இரவே ஒன்பது மணிக்கு இன்னொரு மாத்திரை போட்டுவிடுங்கள். அன்றைக்கு மட்டும் இரண்டாகும், லேசாகக் குமட்டலாம், கெடுதல் ஒன்றும் இல்லை. அட்டை ஒரு நாள் முன்னதாக முடியும், அடுத்த அட்டையையும் ஒரு நாள் முன்னதாகத் தொடங்குவீர்கள், அவ்வளவுதான். நேரத்தை முன்னுக்கு இழுத்தால் காப்பு குறையாது, பின்னுக்குத் தள்ளினால்தான் குறையும். இந்த ஒன்று மனதில் இருந்தால் அட்டவணை எதுவும் தேவையில்லை.

பெருநாள் முடிந்து பழைய நேரத்துக்குத் திரும்புவது இன்னும் சுலபம். முந்தின இரவு ஒன்பதுக்குப் போட்டதை மறுநாள் மதியம் ஒரு மணிக்குப் போட்டால் இடைவெளி 16 மணி நேரம்தான்.

சஹர் நேரத்தில் போட்டால் என்ன? மறக்காமல் இருக்குமே.

போடலாம். மதியம் ஒன்றிலிருந்து விடியற்காலை ஐந்துக்கு மாறுவதும் முன்னுக்கு இழுப்பதுதான், 16 மணி நேர இடைவெளி. ஆனாலும் எனக்கு இரவுதான் பிடிக்கும். ரம்ஜான் பிப்ரவரி, மார்ச்சில் வரும் வருடங்களில் நம் ஊரில் ஐந்தேகால் வாக்கில் சஹர் முடிந்துவிடுகிறது. அலாரம் அடித்தும் எழ முடியாத நாள் முப்பதில் இரண்டு மூன்றாவது இருக்கும். எழுந்தாலும் பாங்கு சொல்லப் போகிறார்கள் என்று அவசரமாக இரண்டு வாய் தின்று மாத்திரையை விழுங்கினால் குமட்டும், பகல் முழுக்கத் தண்ணீரும் குடிக்க முடியாது. இரவில் மறந்தால் சஹரில் ஒரு வாய்ப்பு கையில் இருக்கிறது. சஹரில் மறந்தால் அடுத்த வாய்ப்புக்குப் பதின்மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

பால் கொடுக்கிறேன், என்னுடையது வேறு மாத்திரை. இதே கணக்குதானா?

இல்லை. பால் கொடுக்கிறவர்களுக்கு எழுதுவது பெரும்பாலும் ஒரே ஹார்மோன் உள்ள மாத்திரை. அதற்கு 48 மணி நேரச் சலுகை கிடையாது. டெசோஜெஸ்ட்ரெல் 75 மைக்ரோகிராம் என்று அட்டையில் இருந்தால் வழக்கமான நேரத்திலிருந்து 12 மணி நேரம் வரை தாமதம் தாங்கும். பழைய வகை ஒரே ஹார்மோன் மாத்திரைகளுக்கு 3 மணி நேரம்தான். மதியம் ஒரு மணியிலிருந்து மறுநாள் இரவு ஒன்பதுக்குத் தள்ளினால் முதல் வகை தப்பிக்கும், இரண்டாவது தப்பிக்காது. அதனால் இவர்கள் கட்டாயம் முந்தின இரவே ஒன்று போட்டு நேரத்தை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த எல்லை தாண்டிப்போனால் நினைவு வந்ததும் போட்டுவிட்டு, அடுத்த 2 நாள் ஆணுறை பயன்படுத்துங்கள்.

அரசு நகர்ப்புற சுகாதார நிலையத்தில் கொடுக்கும் 'சாயா' மாத்திரை எடுக்கிறவர்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம். அதில் ஹார்மோன் இல்லை. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்த மருந்து அது. முதல் 3 மாதம் வாரம் இரண்டு தடவை, அப்புறம் வாரம் ஒரு தடவை. ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை மதியம் போட்டாலும் நோன்பு திறந்த பிறகு போட்டாலும் வித்தியாசம் இல்லை. நாள் தவறினால்தான் பிரச்சினை. ஒன்றிரண்டு நாள் தவறினால் உடனே போட்டு, பழைய கிழமையிலேயே தொடர்ந்து, அடுத்த மாதவிடாய் வரும் வரை ஆணுறை. ஏழு நாளுக்கு மேல் தவறிவிட்டால் புதிதாகச் சேர்ந்தவர் மாதிரி வாரம் இரண்டிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும்.

மாலா-என் அட்டையில் இருக்கிற பிரவுன் மாத்திரை வெறும் சத்து மாத்திரைதானே? நோன்பில் அதை விட்டுவிடலாமா?

விடலாம். அது இரும்புச் சத்து, கருத்தடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் நான் பார்த்ததில் நோன்பு மாதத்தில் அதிகம் தவறு நடக்கிற இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அட்டையில் 21 வெள்ளை, 7 பிரவுன். வெள்ளைதான் சினைப்பையைத் தூங்க வைக்கிறது. பிரவுன் போடுகிற ஏழு நாளும் சினைப்பைக்கு மருந்து எதுவும் போகவில்லை. ஏழு நாள் வரை அது எழுந்திருக்காது. எட்டு, ஒன்பது என்று போனால் முட்டை வளரத் தொடங்கிவிடும். ஆக அட்டையின் நடுவில் ஒரு மாத்திரை தவறுவதைவிட, புது அட்டையின் முதல் மாத்திரை தள்ளிப்போவதுதான் ஆபத்து. நிறையப் பேர் இதைத் தலைகீழாக நினைத்திருக்கிறார்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து வரும் ஒரு தங்கைக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இரவு அவளுடைய கடைசி வெள்ளை முடிந்தது. திங்களிலிருந்து பிரவுன். வியாழக்கிழமை முதல் நோன்பு. "சத்து மாத்திரைதானே" என்று அன்றோடு அட்டையை பீரோவில் வைத்துவிட்டாள். பிரவுன் மாத்திரை மருந்தாக இல்லாவிட்டாலும் ஒரு வேலை செய்கிறது. நாளை எண்ணிக்கொண்டே வருகிறது. எண்ணுவதற்கு அது இல்லாததால் புது அட்டை தொடங்க வேண்டிய திங்கட்கிழமை அவளுக்கு நினைவில் வரவில்லை. மாமியாருக்குக் கஞ்சி, பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று இரண்டு நாள் ஓடிவிட்டது. புதன்கிழமை இரவுதான் நினைவு வந்து முதல் வெள்ளையைப் போட்டிருக்கிறாள். ஏழு நாள் இருக்க வேண்டிய இடைவெளி ஒன்பது நாளாகிவிட்டது. செவ்வாய் இரவு கணவனோடு சேர்ந்தும் இருந்தாள்.

வியாழக்கிழமை காலை கடைக்கு வந்தாள். புது அட்டையை நிறுத்தாமல் தொடரச் சொன்னேன், ஏழு நாள் ஆணுறை கட்டாயம் என்றேன். செவ்வாய் இரவுக்காக அன்றைக்கே அரசு மருத்துவமனையில் டாக்டரைப் பார்க்க அனுப்பினேன். அவர் அவசர கருத்தடை மாத்திரை, லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மி.கி., கொடுத்தார். அது 72 மணி நேரத்துக்குள் போட வேண்டியது. எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு பலன். மூன்று வாரம் கழித்துச் சிறுநீர் பரிசோதனை செய்து பார்த்தோம், கரு இல்லை.

அன்றிலிருந்து நோன்புக்கு முன்னால் அட்டை வாங்க வருகிற எல்லோருக்கும் புது அட்டையின் பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் தொடங்க வேண்டிய தேதியையும் கிழமையையும் எழுதித்தான் கொடுக்கிறேன். பிரவுன் மாத்திரை குமட்டுகிறது என்றால் விடுங்கள். அந்தத் தேதியை விட்டுவிடாதீர்கள்.

முப்பது நோன்பும் விடாமல் வைக்க ஆசை. மாதவிடாயைத் தள்ளிப்போட முடியுமா?

ஏற்கெனவே மாலா-என் எடுக்கிறவர்கள் 21 வெள்ளை முடிந்ததும் பிரவுனை விட்டுவிட்டு, மறுநாளே அடுத்த அட்டையின் வெள்ளையைத் தொடங்கினால் மாதவிடாய் வராது. காப்பும் தொடரும். இடையில் லேசாகப் படலாம், அதற்காக நிறுத்த வேண்டாம்.

எந்த மாத்திரையும் எடுக்காதவர்கள் வந்து கேட்பது நோரெதிஸ்டெரோன் 5 மி.கி. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வாரத்திலும் இதைத்தான் கேட்கிறார்கள். எதிர்பார்க்கிற தேதிக்கு 3 நாள் முன்பிருந்து ஒரு நாளைக்கு மூன்று வேளை போடுவது வழக்கம். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் மாதவிடாய் வந்துவிடும். அந்த அளவில் அது கருத்தடை மாத்திரை ஆகாது, ஆணுறை வேண்டும். காலில் அல்லது நுரையீரலில் ரத்தம் உறைந்த பழைய கதை இருந்தால் போடவே கூடாது. பகலில் தண்ணீர் இல்லாமல் இருக்கிற மாதத்தில் டாக்டர் சீட்டு இல்லாமல் நான் இதைக் கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு, பரவாயில்லை.

இஃப்தாரில் நிறையச் சாப்பிட்டு வாந்தி வந்துவிட்டது. மாத்திரையும் போயிருக்குமா?

போட்டு 3 மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் போனதாகவே வைத்துக்கொண்டு இன்னொன்று போடுங்கள். அதற்கு மேல் ஆகியிருந்தால் வேண்டாம். இதனால்தான் கஞ்சியும் வடையும் சமோசாவும் உள்ளே போன கையோடு போடாமல் ஒன்பது மணி என்கிறேன்.

குழந்தைக்காகக் கந்த சஷ்டி விரதம் இருக்கிறேன். அதே வாரம் டாக்டர் மாத்திரை எழுதியிருக்கிறார். ஆறு நாள் நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள் அம்மா. 'சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்று நம்பிக் கந்தகோட்டத்துக்குப் போய் வருகிற பெண்களை எனக்குத் தெரியும். அந்த ஆறு நாள் அவர்களுக்கு எவ்வளவு பெரியது என்பதும் தெரியும். ஆனால் மருந்து சாப்பிட்டால் விரதம் கெட்டுவிடும் என்று சாஸ்திரமே சொல்லவில்லை. விரதத்தைக் கெடுக்காதவை எட்டு என்று ஒரு பழைய சுலோகம் எண்ணுகிறது. தண்ணீர், கிழங்கு, பழம், பால் வரிசையில் மருந்தும் அதில் இருக்கிறது.

இப்போது மருந்துக்கு வருவோம். முட்டை வளர்வதற்கு எழுதுவது பெரும்பாலும் லெட்ரோசோல் 2.5 அல்லது 5 மி.கி., அல்லது க்ளோமிஃபீன் 50 மி.கி. மாதவிடாயின் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தொடங்கி ஐந்து நாள். இந்த ஐந்து நாளில் எந்த நாள் என்பது முக்கியம், எந்த மணி என்பது அவ்வளவு முக்கியமில்லை. லெட்ரோசோல் பாதியாகக் குறையவே உடம்பில் இரண்டு நாள் வாக்கில் எடுக்கும். க்ளோமிஃபீன் அதைவிட அதிக நாள் தங்கும். காலை பத்து மணி மாத்திரையை மாலை பூஜை முடிந்து பாலோடு போட்டால் ஒன்றும் ஆகாது. ஒரு நாள் முழுக்க விட்டால் அந்தச் சுழற்சியில் முட்டை வளரும் கணக்கு பிசகும், ஸ்கேன் தேதிகளும் பிசகும். அப்படி விட்டுவிட்டால் மறுநாள் இரண்டாகப் போடாமல் டாக்டருக்கு போன் செய்யுங்கள்.

மிளகு மட்டும் மென்று தண்ணீர் குடித்து இருக்கிறவர்களும் உண்டு. சிகிச்சை மாதத்தில் அது வேண்டாம். பாலும் பழமும், ஒரு வேளைச் சோறும் எடுத்துச் சூரசம்ஹாரம் வரை இருங்கள். வெறும் வயிற்றில் இந்த மாத்திரைகள் சிலருக்குத் தலைசுற்றலும் தலைவலியும் கொடுக்கும், சரவணப் பொய்கை வரிசையில் நிற்கிற இடத்தில் மயங்கி விழுந்தால் யார் பார்ப்பது?

நோன்பு வைத்துக்கொண்டே குழந்தைக்கான சிகிச்சையும் எடுக்கலாமா?

மாத்திரை மட்டும் என்றால் சிக்கல் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. லெட்ரோசோல் போடுகிற நாட்களில் பெரும்பாலும் மாதவிடாய் ஓடிக்கொண்டிருக்கும், அந்த நாட்களில் உங்களுக்கு நோன்பே கிடையாது. கடைசி ஒன்றிரண்டு மாத்திரை நோன்பு நாளில் விழுந்தால் இஃப்தாருக்குப் பிறகு போடலாம்.

ஊசிக்கு வந்தால் இரண்டு வகை. முட்டை வளர தினமும் போடுகிற ஊசியை கிளினிக்குகள் பெரும்பாலும் மாலையில்தான் போடச் சொல்கின்றன, நோன்பு திறந்த பிறகு என்று டாக்டரிடம் கேட்டு ஒரே நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று முட்டை வெடிக்கப் போடும் ஹெச்.சி.ஜி. ஊசி. இதில் பத்து நிமிடம்கூட நீங்களாக மாற்றக் கூடாது. திங்கள் இரவு பத்துக்கு ஊசி என்றால் புதன் காலை பத்துக்கு 36 மணி நேரம். விந்தைக் கருப்பைக்குள் செலுத்துவதற்கோ முட்டையை எடுப்பதற்கோ அந்தக் கணக்கை வைத்துத்தான் நேரம் குறிக்கிறார்கள். தராவீஹ் முடித்து வந்து போட்டுக்கொள்ளலாம் என்று பதினொன்றரை ஆக்கிவிட்டால் முட்டை எடுக்கிற காலையில் எல்லோருக்கும் சிக்கல். தராவீஹை வீட்டில் தொழுங்கள்.

ஊசி நோன்பை முறிக்குமா என்றும் கேட்பார்கள். 1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, சத்துக்காக ஏற்றும் திரவம் தவிர, தோலிலோ தசையிலோ நரம்பிலோ போடும் மருந்து ஊசி நோன்பை முறிக்காது என்று தீர்மானித்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி 'அந்தரா'வும் தசையில் போடுவதுதான். அதன் தேதியை நோன்புக்காகத் தள்ள வேண்டியதில்லை.

உள்ளே வைக்கிற ப்ரொஜெஸ்டிரோன் மாத்திரை மூன்று வேளை. பகலில் வைக்கலாமா?

இங்கே உலமாக்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. அந்த 1997 தீர்மானம் முறிக்காது என்கிறது. ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளின் பழைய சட்ட நூல்கள் முறியும் என்கின்றன. உங்கள் பள்ளிவாசல் ஹஸ்ரத் சொல்வதை வைத்து, மருந்தை நீங்களே குறைக்காமல், டாக்டரிடம் மாற்று கேளுங்கள். 200 மி.கி. மூன்று வேளைக்குப் பதிலாக 400 மி.கி. இரண்டு வேளை, அல்லது ஒரு நாளைக்கு ஒரு தடவை வைக்கும் ஜெல் என்று எழுதித் தர வாய்ப்பிருக்கிறது. இரவும் சஹரும் இரண்டு வேளைக்குப் போதும். பகல் வேளையை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவதுதான் தவறு. கருப்பையின் உள்சவ்வைத் தாங்கி நிற்பதே அந்த மருந்து.

நீர்க்கட்டிக்கு மெட்ஃபார்மின் 500 மூன்று வேளை போடுகிறேன்.

மதிய வேளையை இஃப்தாரோடு சேர்த்து அங்கே இரண்டும் சஹரில் ஒன்றுமாக டாக்டர்கள் மாற்றித் தருவது வழக்கம். கேட்டு மாற்றுங்கள். மூன்றையும் மொத்தமாக இஃப்தாரில் போட்டால் வயிறு கலக்கிவிடும்.

தவக்காலம் முழுக்க ஒரு வேளைச் சாப்பாடுதான். எங்களுக்கு?

ராயபுரம், காசிமேடு பக்கத்துப் பெண்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். அந்த ஒரு வேளையோடு மாத்திரையைச் சேர்த்துவிடுங்கள். பெரிய வெள்ளிக்கிழமை அன்றைக்கும் தண்ணீரோடு போடுங்கள்.

எந்த நிலையில் நோன்பை, விரதத்தைக் கட்டாயம் விட வேண்டும்?

ஊசி போட்டு முட்டை நிறைய வளர்ந்திருக்கிறது என்று ஸ்கேனில் சொன்னால், ஹெச்.சி.ஜி. ஊசிக்குப் பிறகு வருகிற இரண்டு வாரம். சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டால் ரத்தத்தில் இருக்கிற நீர் வயிற்றுக்குள் கசியும். வயிறு உப்பி, நாடா கட்ட முடியாமல் போகும். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் எடை ஏறும். சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகும். படுத்தால் மூச்சு வாங்கும். நோன்பு வைத்திருக்கிறவர் சிறுநீர் குறைவதை "தண்ணீர் குடிக்கவில்லை, அதான்" என்று நினைத்துவிடுவார், அதனால்தான் பயப்படுகிறேன். இதில் ரத்தம் கெட்டியாகி உறையவும் கூடும். அப்படி ஒரு அறிகுறி தெரிந்தால் மாலை வரை காத்திருக்காமல் தண்ணீர் குடித்துவிட்டு, சிகிச்சை எடுத்த இடத்துக்கு உடனே போங்கள். ராத்திரி என்றால் பக்கத்தில் இருக்கிற அரசு மருத்துவமனை. நோயாளி நோன்பை விட்டுவிட்டுப் பிறகு களா செய்யலாம் என்பது குர்ஆனிலேயே இருக்கிறது.

கருத்தடை மாத்திரை எடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு குத்தி மூச்சு வாங்கினாலோ, இதுவரை இல்லாத கடும் தலைவலியோடு பார்வை மங்கினாலோ, பசி மயக்கம் என்று படுத்துவிடாதீர்கள். அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள், என்ன மாத்திரை என்று டாக்டர் கேட்கிற முதல் கேள்விக்கு அதைக் காட்டினால் போதும்.